கைப்பிடி மட்டும் திரும்பியது

கருங்கல் சந்தையில் நின்று பிளம்பர் ஞானையன் வீட்டுக்கு வழி கேட்டால், "மில்லி ஞானையனையா கேக்குதிய?" என்று திருப்பிக் கேட்பார்கள். புதிதாக வந்தவர்கள் ஆள் குடிகாரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பாவம், மனிதர் கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு சொட்டு தொடாதவர். ஊரில் மற்ற பிளம்பர்கள் இஞ்சிலும், இஞ்சில் எட்டில் ஒரு பங்கான நூலிலும் அளக்கும்போது இவர் மட்டும் மில்லிமீட்டரில் அளப்பார். அதுதான் பெயர்க்காரணம். கத்தாரில் முந்நூறு அறை கொண்ட ஒரு ஓட்டலில் குழாய் பராமரிப்பு வேலை பார்த்தவர். இரண்டு தவணையாகப் பதினான்கு வருஷம். அங்கே பிடித்த பழக்கம் இது.

ஐம்பத்தாறு வயது. ஒல்லி உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் ஒரு சிறு தெர்மாமீட்டரும் இருக்கும். மனைவி ரெத்தினபாய், "டாக்டர்மாருக்குக் கூட இம்புட்டு கெத்து இல்ல" என்று கேலி செய்வாள். இளைய பிளம்பர்கள் அவரிடம் சந்தேகம் கேட்டால் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வாசகம் சேர்ப்பார்: "டைல் மூடிட்டா பிறகு உள்ள இருக்கியது தெய்வத்துக்கும் பிளம்பருக்கும் மட்டுந்தாம்டே தெரியும். தெய்வம் வாய் தொறக்காது. நாம ஒழுங்காட்டு செய்யணும்."

சொல்வது எளிது. சொன்னவரே ஒருமுறை செய்யாமல் விட்டிருக்கிறார் என்பது அப்போது தெய்வத்துக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், தேங்காப்பட்டணத்திலிருந்து நிஸ்ரின் போன் செய்தாள். பள்ளிக்கூட டீச்சர். அவள் தம்பி ஃபாயிஸ் தோஹாவில் இருக்கிறான். அவர்கள் வீட்டுக் குளியலறையை ஏழு வருஷத்துக்கு முன்னால் ஞானையன்தான் செய்துகொடுத்தார். அது முடிந்த கையோடு கத்தாருக்கு இரண்டாம் தவணை விமானம் ஏறினார்.

"அண்ணே, உப்புக்காத்துல டைல் எல்லாம் கழண்டு நிக்கு. ஒடச்சு புதுசாட்டு போடணும். ஃபாயிஸ் அங்கயிருந்து சுடுவெள்ளமும் பச்சவெள்ளமும் கலக்கித் தாற ஒரு மிக்ஸர் குழாய் அனுப்பியிருக்கான். சூட்டத் தானாட்டு நிறுத்தும், தெர்மோஸ்டாட் உள்ளது. உம்மாக்கும் இப்ப சுகர் கூடிப்போச்சு. காலுல சூடும் தெரியல, குளிரும் தெரியல. அதுக்காகத்தான்."

நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டே பைக்கை எடுத்தார் ஞானையன்.

போனபோது மணி நாலு. மைமூன் பீவி நடைக் கூடத்து வாஷ்பேசின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது. முக்காட்டுக்குள் முகம் மிகவும் சிறுத்துப் போயிருந்தது. இவரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"வந்தியா ஞானையா? ஒடைக்கணும்னு இதுக நிக்குதுக. எனக்குச் சம்மதமில்ல."

"ஏன் உம்மா? டைல் கழண்டு காலுல குத்தினா பெரிய பாடாயிரும்லா."

"இந்தக் குளிமுறியில அவரு இருக்காரு."

ஞானையன் நிஸ்ரினைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். 'அவரு' என்றால் மைமூன் பீவியின் கணவர் முஹம்மது ஷரீஃப். கொழும்பு வரை கருவாட்டு வியாபாரம் பண்ணினவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மவுத்தானார். கத்தாரில் இருந்த ஞானையனுக்குச் சேதி வந்தபோது, சுகர், காலில் புண், அவ்வளவுதான் சொன்னார்கள்.

"நாலேகால் ஆகட்டும். ஒனக்கே காட்டித் தாறேன்" என்றார் மைமூன் பீவி.

மூவரும் காத்திருந்தார்கள். வெளியே தென்னை ஓலையில் மழை விழுந்துகொண்டிருந்தது. நாலேகாலுக்கு மைமூன் பீவி எழுந்து, அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்வதற்காக வாஷ்பேசின் குழாயைத் திறந்தார். அந்த பேசினுக்கு ஒரே குழாய்தான். பச்சைத் தண்ணீர்க் குழாய். ஹீட்டர் இணைப்பு அதற்குக் கிடையாது. இதைப் போட்டவரே ஞானையன்தான் என்பதால் அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

"கைய வை" என்றார்.

வைத்தார். மழைக்காலத் தண்ணீர், விறைக்கிற குளிர். ஆறு ஏழு எண்ணுவதற்குள் குளிர் குறைந்தது. பிறகு இளஞ்சூடு. பிறகு நல்ல சூடு. யாரோ பதம் பார்த்து விளாவி ஊற்றுவது போல அப்படியே நின்றது. சுவரின் அந்தப் பக்கம், ஆளில்லாத குளியலறைக்குள், தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஞானையன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"எனக்கு வாதக்கை. பச்ச வெள்ளத்துல ஒளு செய்தா வெரலு மடங்காது. அதனால அஸருக்கு அவருதான் வெள்ளம் சூடாக்கித் தருவாரு. மவுத்தாகி நாப்பதாவது நாளு தொடங்கிச்சு இது. அஞ்சு வருசமா, டாண்ணு இந்த நேரத்துக்கு." மைமூன் பீவியின் குரல் தணிந்தது. "அன்பாட்டு தாறாரா, இல்ல 'பாத்தியா மைமூன், இப்பிடித்தான் எனக்குச் சுட்டுது'ன்னு காட்டித் தாறாரா? அது மட்டும் எனக்குத் தெரியல."

"சுட்டுதா? என்ன சுட்டுது?"

அப்போதுதான் ஞானையனுக்கு முழுக்கதையும் தெரிய வந்தது.

ஷரீஃபுக்கும் சுகர்தான், கால் மரத்துப்போன ஆள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கீழே உள்ள வாய்க்குழாயிலிருந்து காலில் தண்ணீர் விழவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இறைவன் பேரைச் சொல்லித் திக்ரு ஓதுவார். அன்றைக்கும் மைமூன் பீவிதான் மிக்ஸரின் கைப்பிடியை நடுவில் வைத்து, கையால் சூடு பார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார். பத்து நிமிஷம் கழித்துப் போனால் உள்ளே ஒரே ஆவி. ஷரீஃப் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பாதமும் வெந்து தோல் வழிந்து கிடக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கைப்பிடி அப்போதும் நடுவில்தான் நின்றது. புண் ஆறவில்லை. முதலில் விரல்கள், பிறகு பாதம், பிறகு முழங்கால். மூன்று மாதத்தில் ஆளே போய்விட்டார்.

"ஆஸ்பத்திரியில கெடந்து ஒரே பேச்சு. 'சூடு போதாதுன்னு கொஞ்சம் கூட்டினேன், பெறகு திருப்பி நடுவுலதானே வெச்சேன், திருப்பித்தானே வெச்சேன்'னு. எனக்க மேல பழி விழப்பிடாதுன்னு எனக்காகப் பொய் சொல்லிட்டுப் போனாரு மனுசன். திருப்பி வெச்சிருந்தா எப்பிடி வேவும்? நான்தான் சரியாட்டு பாக்காம விட்டிருக்கேன்."

நிஸ்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தக் கதையை அவள் ஆயிரம் தடவை கேட்டிருப்பாள் போல.

ஞானையன் குளியலறைக்குள் போனார். ஐந்து வருஷமாக யாரும் குளிக்காத அறை. ஒரு மூலையில் அந்த ஸ்டூல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மிக்ஸருக்குக் கீழே டைல் இடுக்குகளில் ஈரம் ஊறி, ஒரு ஆள் உட்கார்ந்து சுவரில் சாய்ந்த உயரத்துக்குக் கறுத்திருந்தது. அதில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. ஜுரம் வந்தவன் முதுகில் கை வைத்த மாதிரி.

கைப்பிடியைத் தொட்டார். இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். அது வெகு லேசாகத் திரும்பியது. அவ்வளவு லேசாகத் திரும்பக் கூடாது.

அன்று இரவு முழுக்க அவர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஈரம் என்றால் கசிவு, சுவர் சூடு என்றால் உள்ளே சுடுதண்ணீர்க் குழாய், செருமல் என்றால் குழாயில் காற்று. நாலேகால் கணக்கும் புரிந்தது. நிஸ்ரின் பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலு மணிக்கு மாடியில் குளிக்க ஹீட்டர் போடுகிறாள், இரண்டு குளியலறைக்கும் ஒரே லைன். எல்லாம் சரி, அந்தக் கைப்பிடி?

மூன்றாம் நாள் மைமூன் பீவி அரைமனதாகச் சம்மதித்தார். டைல் கொத்தனார் தேவகுமார் உளியோடு வந்தார். அவர் பழைய டைலை உடைக்கத் தொடங்குவதற்கு முன், ஞானையன் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பிடியின் சிறு திருகாணியைத் தளர்த்தினார்.

கைப்பிடி கையோடு வந்தது. உள்ளே, தண்ணீரைக் கலக்கும் வால்வான கார்ட்ரிட்ஜின் சதுரத் தண்டு, சுவரை மூடும் தகட்டுக்கு வெளியே மூன்று மில்லி மட்டும் எட்டிப் பார்த்தது. பத்து மில்லியாவது வந்திருக்க வேண்டும். அதன் நுனியில் நைந்து மஞ்சளித்த டெஃப்லான் டேப் சுற்றியிருந்தது.

டேப் சுற்றிய கை அவருடையதுதான்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய அந்த வாரம் அப்படியே கண்முன் வந்தது. இந்தப் பழைய சுவர் மேலே போகப் போகச் சாய்ந்த சுவர். அன்றைக்கு இருந்த வேறொரு கொத்தனார், டைல் முகம் வரும் இடத்துக்கு அடையாளமாக நூல் கட்டுவதற்கு முன்பே, அவசரத்தில், செங்கல் முகத்தைக் கணக்கு வைத்து மிக்ஸரின் உடம்பைச் சுவருக்குள் பதித்துவிட்டார் ஞானையன். கொத்தனார் பிறகு வந்து சாய்வை நேராக்க பத்து மில்லி சாந்து கூடப் பூசி டைல் ஒட்டினார். உடம்பு ஆழத்தில் போய்விட்டது. தண்டு எட்டவில்லை. நான்கு டைலை உடைத்து உடம்பை முன்னால் இழுக்க வேண்டும், இல்லையென்றால் கம்பெனியிலிருந்து நீட்டிப்புத் துண்டு வரவழைக்க வேண்டும், அதற்குப் பத்து நாள் ஆகும். அவருக்கோ வியாழக்கிழமை விமானம். நுனியில் டேப்பைச் சுற்றி, கைப்பிடியை இறுக்கமாகச் செருகி, திருகாணியை முறுக்கினார். அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்தது.

டேப் இரண்டு வருஷம் தாங்கியது. அதற்குப் பிறகு கைப்பிடி திரும்பும், தண்டு திரும்பாது. ஷரீஃப் சூட்டைக் கூட்டியபோது டேப் பிடித்திருக்கிறது. குறைக்கத் திருப்பியபோது நழுவியிருக்கிறது. வெளியே கைப்பிடி நடுவில். உள்ளே வால்வு முழுச்சூட்டில்.

அழுத்தி மூடினாலும் அது முழுதாக மூடாது. வாய்க்குழாயை அடைத்துக் கை ஷவர் பக்கம் திருப்பியிருப்பார்கள், அது சொட்டியிருக்கும். மவுத்து வீட்டுக்கு ஆள் வந்து போகிற நாளில் யாரோ அதில், அமுக்கினால் மட்டும் தண்ணீர் விடும் தலையை மாட்டிச் சொட்டை நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஆனால் மிக்ஸரின் உடம்புக்குள் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. பேசின் குழாயைத் திறந்ததும் பச்சை லைனில் அழுத்தம் குறைய, சுடுதண்ணீர் மிக்ஸர் வழியாக அந்தப் பக்கம் தாண்டிவிடும். ஐந்து வருஷமாக வந்த 'அவரு' இதுதான்.

எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் பயம் போகவில்லை, கூடியது. கைப்பிடியைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் போட்டுவிட்டு வெளியே வந்து, "ஒடைக்கலாம்டே" என்று மட்டும் சொன்னார். மைமூன் பீவி நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை இவர் பார்க்கவில்லை.

அந்த வாரம் அவர் வேலை செய்ததைப் பார்த்து தேவகுமாருக்கே எரிச்சல் வந்தது.

பழைய டைலும் சாந்தும் செங்கல் வரை பெயர்ந்த பிறகு, ஞானையன் உளியைத் தொட மறுத்தார். "முதல்ல நீ நூல் கட்டு. டைலுக்க முகம் எங்க வந்து நிக்கும்னு எனக்குக் காட்டு. பெறகுதான் நான் சுவரத் தொடுவேன்."

"இருபத்தெட்டு மில்லின்னு வைங்கண்ணே. பூச்சு பதினஞ்சு, பசை நாலு, டைல் ஒம்பது."

"கணக்கு வேண்டாம். நூல் கட்டு."

நூல் கட்டி, மிக்ஸர் வரும் உயரத்தில் ஸ்கேலை வைத்தால் முப்பத்தெட்டு. சுவரின் சாய்வு பத்து மில்லியைத் தின்றிருந்தது. தேவகுமார் ஸ்கேலை வாங்கி மறுபடி அளந்து பார்த்தார்.

புது மிக்ஸரின் உடம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு இருந்தது. அதில் இரண்டு கோடுகள். உடம்பின் முதுகிலிருந்து ஐம்பத்தெட்டு மில்லியில் ஒன்று, எண்பதில் ஒன்று. முடிந்த டைலின் முகம் இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வர வேண்டும். உள்ளே போனால் கைப்பிடிக்குத் தண்டு எட்டாது. வெளியே வந்தால் தகடு சுவரில் படியாது, பின்னால் தண்ணீர் இறங்கும். ஞானையன் எழுபதுக்கு வைத்தார். நூலுக்கும் செங்கலுக்கும் நடுவே முப்பத்தெட்டு, ஆகவே செங்கலுக்குள் முப்பத்திரண்டு. அதற்கு மேல் ஒரு மில்லி வெட்டவில்லை.

போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த ஃபாயிஸ், "இது எப்பிடி சூட்டப் புடிச்சு நிறுத்துது அண்ணே?" என்று கேட்டான்.

ஞானையன் கார்ட்ரிட்ஜைக் காட்டினார். விரல் நீளம்தான் இருக்கும். "இதுக்குள்ள ஒரு மெழுகுக் குப்பி இருக்கு. கலந்து வாற வெள்ளம் இதத் தொட்டுத்தான் போகும். சூடு கூடினா மெழுகு வீங்கும், வீங்கினா இந்தத் தண்டத் தள்ளும், தள்ளினா சுடுவெள்ளத்துக்க வாசல் சுருங்கி பச்சவெள்ளத்துக்க வாசல் விரியும். சூடு கொறஞ்சா ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். பச்சவெள்ளம் நின்னு போச்சுன்னா சுடுவெள்ளத்தையும் அடச்சிரும். ஆனா ஒண்ணு. இடது பக்கம் சுடுவெள்ளம், வலது பக்கம் பச்ச. இது மாறிப்போச்சுன்னா எல்லாம் தலைகீழாட்டு செய்யும். சூடு கூடக் கூட இன்னும் சுடுவெள்ளத்தத் தொறந்து விடும்."

"அப்ப ரெண்டு வெள்ளமும் உள்ள கலந்து வேற குழாய்க்குப் போகாதா?"

ஞானையன் நடைக் கூடத்துப் பேசின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "போகாது. ரெண்டு வாசல்லயும் ஒருவழி வால்வு இருக்கு."

ஹீட்டரை அணைத்து, இரண்டு லைனையும் வடித்துவிட்டு, உடம்பைப் பொருத்தினார். அடைப்பு மூடிகள் போட்டு, ஒரு நாள் முழுக்க அழுத்தத்தில் நிறுத்திப் பார்த்தார். கேஜ் முள் அசையவில்லை. பிறகே பூச்சு, நீர்க்காப்புப் பூச்சு, டைல்.

அந்த நாட்களில்தான் அது நடந்தது. இதை அவர் ரெத்தினபாயைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

லைன் வடித்த அன்று, நாலேகாலுக்கு, சாந்து ஒட்டிய கையைத் தேவகுமாரின் வாளியில் முக்கினார். தண்ணீர் சூடாக இருந்தது. திடுக்கிட்டு, "இதுக்கு எங்கயிருந்துடே வெள்ளம் எடுத்தே?" என்று கேட்டார்.

"கெணத்துலதான். ஐஸ் மாதிரி இருக்குலா?" என்றார் அதே வாளியில் கை கழுவிக்கொண்டிருந்த தேவகுமார்.

அப்போது சுவருக்குள்ளிருந்து அந்தச் செருமல் கேட்டது. குழாயில் தண்ணீரும் இல்லை, காற்றை அசைக்க அழுத்தமும் இல்லை. தேவகுமார் நிமிரவே இல்லை, அவர் காதில் விழவில்லை.

மறுநாள் ஞாயிறு. வேலைக்குப் போகவில்லை. கருங்கல் வீட்டில் ஹீட்டரே கிடையாது. மாலையில் முற்றத்துக் குழாயில் கால் கழுவினார். வெந்நீர் பாதத்தில் விழுந்தது. "ஏட்டி, இங்க வா, கைய வை" என்று ரெத்தினபாயைக் கூப்பிட்டார். அவள் வைத்துப் பார்த்துவிட்டு, "குளுந்துதான கெடக்கு. ஒமக்குக் காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. திங்களும் அப்படித்தான், செவ்வாயும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடிய சூடு.

"நீரு எதையோ மறைக்கீரு" என்றாள் ரெத்தினபாய். முப்பது வருஷம் கூட இருந்தவளிடம் எதை மறைக்க முடியும்? எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்தவள், "அந்தப் பொம்பள அஞ்சு வருசமா உம்ம பாவத்தச் சுமக்குது" என்றாள். 

கடைசி நாள். டைல் முகம் கூட்டின் இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் வந்திருந்தது. கூட்டை வெட்டியெடுத்து, லைனில் கிடந்த தூசி போகத் தண்ணீரைப் பீச்சிவிட்டு, கார்ட்ரிட்ஜையும் தகட்டையும் பொருத்தினார். மேலே டைவர்ட்டர் கைப்பிடி, கீழே சூட்டுக் கைப்பிடி. டைவர்ட்டரை ஒரு பக்கம் திருப்பினால் மேல் ஷவர், அடுத்து கை ஷவர், அடுத்து கீழ் வாய்க்குழாய். தெர்மாமீட்டரைப் பிடித்து, தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரியில் நின்றதும் கீழ்க் கைப்பிடியைக் கழற்றி, அதன் முப்பத்தெட்டு எண் நேராக வரும்படி மாட்டினார். அதற்குமேல் திருப்ப வேண்டுமானால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தன் இரண்டு பாதத்தையும் வாய்க்குழாய்க்குக் கீழே வைத்து, "பச்சவெள்ளத்துக்க வால்வ அடை" என்று நிஸ்ரினிடம் சொன்னார்.

"காலெ எடுங்கண்ணே!"

"அடைச்சிரு மக்களே."

அடைத்தாள். இரண்டு நொடி. தண்ணீர் நூலாக மெலிந்து நின்றுபோனது. பாதம் வேகவில்லை.

நாலேகால். மைமூன் பீவி வந்து பேசின் குழாயைத் திறந்தார். கையை நீட்டினார். எண்ணினார். இருபது, முப்பது, ஐம்பது. தண்ணீர் குளிர்ந்தே வந்தது. அவர் விரல்கள் விறைத்து வெளுக்கும் வரை கையை எடுக்கவில்லை.

"போயிட்டாரு" என்றார். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லாமலே போயிட்டாரு."

அந்த முகத்தைப் பார்த்த ஞானையன் பையைத் திறந்து துணியை அவிழ்த்தார். பழைய கைப்பிடியையும், உடைத்தெடுத்த பழைய மிக்ஸர் உடம்பையும் நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உம்மா, இத ஒருக்கா திருப்பிப் பாருங்க."

மைமூன் பீவி குனிந்து, கைப்பிடியைத் தண்டில் செருகித் திருப்பினார். கைப்பிடி சுற்றியது. தண்டு அசையவில்லை. மறுபடி திருப்பினார். அசையவில்லை.

"நான் செய்த வேலையாக்கும். ஆழம் கூடிப்போச்சுன்னு அண்ணைக்கே எனக்குத் தெரியும். ஒடச்சு எடுக்க மனசில்லாம டேப்பு சுத்தி வெச்சுட்டு பிளேன் ஏறிட்டேன். நீங்க சூடு சரியாட்டுதான் வெச்சிய. அவரும் திருப்பித்தான் வெச்சாரு. கைப்பிடி திரும்பிச்சு, உள்ள திரும்பல." தண்டைத் தொட்டுக் காட்டினார். "வெள்ளம் சூடா வந்ததும் இதனாலதான். அவரு ஒங்களச் சுடல உம்மா."

 மைமூன் பீவி கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார், தஸ்பீஹ் மணி உருட்டுவது போல. நிஸ்ரின் சுவரில் சாய்ந்து அழுதாள்.

"ஏட்டி, கேட்டியா?" என்றார் கடைசியில் மகளிடம். "திருப்பித்தானே வெச்சேன்னு சொன்னாருலா. நான் கடைசி மட்டும் அவரப் பொய்யன்னு நெனச்சேன். தலமாட்டுல இருந்துக்கிட்டு, 'போட்டும், பொய் சொல்லாதிய'ன்னு அவரு வாயப் பொத்தினேன்." தலையை நிமிர்த்தி ஞானையனைப் பார்த்தார். "நீ சொன்னது நல்லது. ஆனா மன்னிக்க நான் ஆளில்ல. அது அவருக்க காரியம். நீ போ."

கைப்பிடியை அவர் திருப்பித் தரவில்லை.

ஞானையன் கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே புது ஷவர் திறக்கும் சத்தம் கேட்டது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த அறையில் யாரோ குளிக்கிறார்கள். தெருமுனைக் குழாயில் சாந்துக் கையைக் கழுவத் திறந்தார். மழையில் ஊரே குளிர்ந்து கிடந்தது. அவர் கையில் விழுந்த தண்ணீர் மட்டும் கொதித்தது.

இந்த முறை அவர் கையை எடுக்கவில்லை.